எதிரிலேயே இருக்கிறார், ஆனாலும் தனிமை: எது இல்லை என்று எப்படிச் சொல்வது?

கல்யாணமாகி ஆறு வருடம். சண்டை இல்லை, குடி இல்லை, சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வருகிறது. அம்மாவிடம் சொன்னால் "வேறென்னடி வேணும்?" என்கிறாள். அதற்குத்தான் எனக்கும் பதில் தெரியவில்லை.

மூன்று வாரமாக, தனிமை உறைத்த நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறிக்கிறேன். என்ன நடந்தது, என்ன எதிர்பார்த்தேன், இரண்டே வரி. பதினொரு குறிப்பு சேர்ந்திருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நாட்களில் ஒன்றுகூட இல்லை! போன செவ்வாய், ஆபீசில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியதைச் சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே "வேற வேலை பாத்துக்கோ" என்றார். யோசனை சரிதான். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார்: நெருக்கமான ஒருவர் இல்லாதது, நட்பு வட்டம் இல்லாதது. ஒன்றை மற்றது நிரப்பாது என்றார். கோவைக்கு வந்தபின் தோழிகள் பக்கத்தில் இல்லை, அதனால் எனக்கு இரண்டாவது என்றே நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொல்கிறது. ஆனால் மூன்று குறிப்புகள் விருந்தாளிகள் வந்திருந்த வாரத்தில் எழுதியவை. அது தனிமையா, வெறும் களைப்பா?

பிரிவதா இருப்பதா என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். "நீங்க என்னைக் கவனிக்கறதே இல்லை" என்று தொடங்கினால், செய்ததையெல்லாம் பட்டியல் போடுவார். இதே நிலையில் இருந்தவர்கள், இல்லாததை எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? அது எதிராளிக்குப் புரிந்ததா?