கேஷ் ஃப்ளோவில் 10,000 வெள்ளி இடிக்கிறது: வராக்கடன் ஒதுக்கீட்டைக் கூட்டுவதா, விடுவதா?

காக்கிபுக்கிட்_ராணி

ஏர்கான் பழுதுபார்க்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். டிசம்பர் 31 வரைக்குமான கேஷ் ஃப்ளோவை, லாபத்தில் தொடங்கிப் பணத்துக்கு வரும் மறைமுக முறையில் போட்டேன். வரிக்கு முந்தைய லாபம் 84,000 வெள்ளி. தேய்மானம் 36,000, வராக்கடன் ஒதுக்கீடு 10,000 இரண்டையும் கூட்டினேன். பழைய வேனை விற்றதில் வந்த லாபம் 6,000ஐக் கழித்தேன். வாடிக்கையாளர் பாக்கி 20,000, சரக்கு 8,000 கூடியிருப்பதால் அவற்றையும் கழித்தேன். நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி 38,000 கூடியிருக்கிறது, அதைச் சேர்த்தேன். கட்டிய வரி 9,000 போக, செயல்பாட்டில் 125,000 வந்தது. புது லாரி 70,000, வேன் விற்ற பணம் 15,000, இயக்குநருக்குத் திருப்பிக் கொடுத்த வட்டியில்லாக் கடன் 20,000. ஆக மொத்தம் 50,000 கூடியிருக்க வேண்டும். ஆனால் வங்கியில் 52,000 இருந்தது 92,000 ஆகியிருக்கிறது, அதாவது 40,000தான். மிச்சம் 10,000 எங்கே? ஒதுக்கீட்டைக் கூட்டியது தப்பா?

ஈசூன்_மணி

தப்புதான். இடிக்கிற தொகையும் ஒதுக்கீடும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா? தேய்மானத்தைக் கூட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஒதுக்கீட்டைக் கூட்டக் கூடாது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் டேலி ஆகிவிடும். நான் எந்த வருடமும் அதைக் கூட்டியதில்லை, என் கணக்கு இடித்ததும் இல்லை.

துவாஸ்_தேவி

மணி அண்ணா, இப்படிச் சொல்லிக் கொடுத்தால் அவர் ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்வார். ஒதுக்கீடு என்பது லாபத்திலிருந்து கழிக்கப்பட்ட செலவு. அதற்காக யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை. பணம் போகாத செலவு என்றால் கூட்டித்தான் ஆக வேண்டும். கேஷ் ஃப்ளோவுக்கான சிங்கப்பூர்க் கணக்கியல் தரநிலை எஃப்.ஆர்.எஸ். 7 சொல்வதும் அதைத்தான். தேய்மானத்துக்கு ஒரு நியாயம், இதற்கு வேறு நியாயமா? வேறு எங்கோ 10,000 விட்டுப்போயிருக்கும், தேடச் சொல்லுங்கள்.

சிராங்கூன்_கணக்கர்

ராணி, அந்த 20,000 எந்த எண்ணிலிருந்து வந்தது? ஒதுக்கீட்டைக் கழித்த பிறகுள்ள பாக்கியா, கழிப்பதற்கு முன்னால் உள்ளதா?

காக்கிபுக்கிட்_ராணி

இருப்புநிலைக் குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்தேன் சார். போன வருடம் 115,000, இந்த வருடம் 135,000. ஒதுக்கீட்டைக் கழிக்காமல் பார்த்தால் போன வருடம் 120,000, இப்போது 150,000. ஒதுக்கீடு 5,000 இருந்தது 15,000 ஆகியிருக்கிறது.

சிராங்கூன்_கணக்கர்

அப்படியென்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். வாடிக்கையாளர்கள் இந்த வருடம் கட்டாமல் வைத்திருக்கும் புதுப் பாக்கி 30,000. இருப்புநிலைக் குறிப்பில் அது 20,000 ஆகத் தெரிவதற்குக் காரணம், ஒதுக்கீடு 10,000 அதற்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டது. நீங்கள் மேலே ஒரு முறை 10,000 கூட்டினீர்கள். கீழே 30,000 கழிக்க வேண்டிய இடத்தில் 20,000 மட்டும் கழித்தபோது, அதே 10,000ஐ இன்னொரு முறை கூட்டியது போல ஆகிவிட்டது.

எனவே இரண்டு வழி உண்டு. ஒதுக்கீடு 10,000ஐக் கூட்டி, பாக்கி உயர்வு 30,000ஐக் கழியுங்கள். இல்லாவிட்டால் ஒதுக்கீட்டைத் தொடாமல் 20,000ஐ மட்டும் கழியுங்கள். இரண்டிலும் நிகர விளைவு கழித்தல் 20,000தான். ஒரு வழியில் பாதி, இன்னொரு வழியில் பாதி என்று எடுத்தால்தான் இடிக்கும்.

ஈசூன்_மணி

நான் சொன்னது அதுதானே! எதற்குச் சுற்றிவளைத்து 30,000? 20,000 போதும்.

துவாஸ்_தேவி

விடை சரியாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? லாபத்தில் 10,000 வராக்கடனுக்காகப் போயிருக்கிறது என்பதே அறிக்கையில் இருக்காது. பாக்கி 30,000 ஏறியதும் தெரியாது. வசூல் மோசமாகிக்கொண்டிருக்கும் நிறுவனத்தில் அந்த இரண்டு எண்ணையும் மறைத்துவிட்டு 20,000 என்று ஒற்றை வரி காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சிராங்கூன்_கணக்கர்

காட்டுவதில் நானும் தேவி பக்கம்தான். ஆனால் போடும்போது மணியின் வழியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வருடத்தின் நடுவில் 4,000 வெள்ளிப் பாக்கியை இனி வராது என்று ஒதுக்கீட்டிலிருந்து எழுதித் தள்ளியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கழிக்காத பாக்கி 150,000க்குப் பதில் 146,000 ஆகும், ஒதுக்கீடு 11,000 ஆகும், நிகரம் அதே 135,000. இப்போது லெட்ஜரைப் பார்த்து 26,000தான் ஏறியது என்று எடுத்தால், வராத 4,000 வசூலானதாகக் கணக்கு சொல்லும்.

அதனால் நான் லெட்ஜர் வித்தியாசத்தை நம்புவதில்லை. நிகர வித்தியாசம் 20,000, அதோடு லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதிய 10,000, ஆக 30,000 என்று பின்னாலிருந்து வருவேன். எழுதித் தள்ளியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இது மாறாது.

தேக்கா_சாப்பாட்டுக்கடை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் கடைக் கணக்கில் தேய்மானம் 30,000 வெள்ளி என்று சேர்த்து, செயல்பாட்டில் பணம் வந்ததாகக் காட்டியிருக்கிறார் கணக்குப் பிள்ளை. அந்த 30,000 எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார். அடுப்பும் குளிர்பெட்டியும் மாற்றவே பணமில்லை எனக்கு.

சிராங்கூன்_கணக்கர்

அண்ணே, ராணியின் கேள்வி வேறு. ஆனாலும் சொல்கிறேன். அந்த 30,000 எங்கும் இல்லை. அடுப்பு வாங்கிய வருடமே பணம் போய்விட்டது. இந்த வருடம் லாபத்தைக் கண்டுபிடிக்க 30,000ஐக் கழித்தார்கள், லாபத்திலிருந்து பணத்துக்குத் திரும்பும்போது அதையே திருப்பி வைத்தார்கள், அவ்வளவுதான். சோதித்துப் பாருங்கள்: தேய்மானத்தை 60,000 ஆக்குங்கள். லாபம் 30,000 குறையும், கூட்டுவது 30,000 ஏறும், செயல்பாட்டுப் பணம் அசையாது. நம் ஊரில் வரிகூட அசையாது. வரித்துறையான ஐராஸ் தேய்மானத்தைச் செலவாக ஏற்பதில்லை, மூலதனப் படி என்று தனியாகத்தான் தருகிறது.

தேக்கா_சாப்பாட்டுக்கடை

அப்போது குளிர்பெட்டிக்குப் பணம்?

ஈசூன்_மணி

அதற்கு பாங்குக்குத்தான் போக வேண்டும் அண்ணே.

ஜூரோங்_பாலா

10,000 கதை முடிந்தது, சரி. என் கண்ணில் பட்டது அந்த 38,000. வருடத்துக்கு 84,000 லாபம் பார்க்கும் ஏர்கான் கம்பெனியில், சரக்கு 8,000 ஏறும்போது கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் 38,000 ஏறுமா? ராணி, அந்தப் பாக்கியில் லாரிக்காரருக்குத் தர வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

காக்கிபுக்கிட்_ராணி

இருக்கிறது சார். லாரி 70,000. 42,000தான் கொடுத்திருக்கிறோம். மீதி 28,000 ஜனவரியில் தருவதாகப் பேச்சு. இதர பாக்கியில் வைத்திருக்கிறேன்.

ஜூரோங்_பாலா

அதுதான். 60,000 இருந்தது 98,000 ஆனதில் தொழில் சம்பந்தமான உயர்வு 10,000 மட்டும். நீங்கள் 28,000ஐச் செயல்பாட்டில் வரவாகக் காட்டிவிட்டு, முதலீட்டில் கொடுக்காத 28,000ஐயும் செலவாகக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் மொத்தத்தில் தெரியவே தெரியாது. வங்கி இருப்போடு ஒத்துப்பார்ப்பதால் இது மாட்டாது.

திருத்திப் போட்டால்:

லாபம் 84,000 + தேய்மானம் 36,000 − வேன் லாபம் 6,000 + ஒதுக்கீடு 10,000 = 124,000
பாக்கி − 30,000, சரக்கு − 8,000, கொடுக்க வேண்டியது + 10,000 = 96,000
வரி − 9,000, செயல்பாடு = 87,000
லாரி − 42,000, வேன் + 15,000, முதலீடு = − 27,000
இயக்குநர் கடன் − 20,000
நிகரம் = 40,000

ஈசூன்_மணி

மொத்தம் மாறாதபோது எதற்கு இந்தப் பாடு? 10,000ஐச் சரிசெய்தால் ராணியின் கணக்கும் 40,000தான் காட்டும். சின்னக் கம்பெனிக்கு இது போதும். அதைவிட, நேரே பாங்கு புத்தகத்தைப் பார்த்து யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதியிருந்தால் 42,000 முதலிலேயே வந்திருக்கும். மறைமுக முறையே சுற்று வழி.

ஜூரோங்_பாலா

நேர்முக முறையில் இந்தத் தவறு வராது என்பது உண்மை. எஃப்.ஆர்.எஸ். 7 ஊக்குவிப்பதும் அந்த முறையைத்தான். ஆனால் மொத்தம் மாறவில்லை என்பதற்காக விட முடியாது. ஒதுக்கீட்டை மட்டும் சரிசெய்தால் செயல்பாடு 115,000 என்று நிற்கும், உண்மையில் 87,000. வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். தொழில் 115,000 கறந்தது என்று நம்பித் தவணை போட்டால் யார் கட்டுவது? பணம் கைமாறாத முதலீட்டை அறிக்கைக்குள் கொண்டுவரக் கூடாது, குறிப்பில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி.

துவாஸ்_தேவி

வேன் விற்ற லாபத்துக்கும் இதே காரணம்தானே. 9,000 மதிப்பிருந்த வேனை 15,000க்கு விற்றார். முழு 15,000மும் முதலீட்டில் வருவதால்தான் 6,000ஐ மேலே கழிக்கிறோம். கழிக்காமல் விட்டு முதலீட்டில் 9,000 என்று போட்டாலும் டேலி ஆகும், ஆனால் பொய்.

காக்கிபுக்கிட்_ராணி

ஜனவரியில் 28,000 கொடுத்துவிட்டோம். அது அடுத்த வருட அறிக்கையில் எங்கே வரும்?

ஜூரோங்_பாலா

முதலீட்டில், லாரிக்குக் கொடுத்ததாக. பாக்கி வித்தியாசம் எடுக்கும்போது தொடக்க எண்ணை 98,000 என்று வைக்காமல் 70,000 என்று வையுங்கள். மறந்தால் அடுத்த வருடம் செயல்பாடு 28,000 குறைவாகத் தெரியும், அதுவும் டேலி ஆகும். இப்போதே லாரிக்காரர் பாக்கியைத் தனிக் கணக்காகப் பிரித்துவிடுவது நல்லது.

ஈசூன்_மணி

பிரிக்கட்டும், அதில் சண்டை இல்லை. ஒதுக்கீட்டை மட்டும் நான் கூட்டப் போவதில்லை.

துவாஸ்_தேவி

உங்கள் ஆடிட்டர் கேட்கும்வரை கூட்டாதீர்கள் அண்ணா.