கலைச்சொல்: 'ஓவர் த கவுண்டர் ஆப்ஷன்' தமிழில் எப்படி?

மங்கையர்க்கரசி எழுதியது:

அன்பர்களே, நிதித்துறைச் சொல்தொகுப்புக்கு ஒரு சொல்லிணை வேண்டும். ஒரு பொருளைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும், ஆனால் கட்டாயப்படுத்தாத ஒப்பந்தமான ஆப்ஷனுக்கு 'விருப்புரிமை' என்று போன முறையே முடிவாகிவிட்டது, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் வாங்கி விற்பதற்குப் 'பங்குச்சந்தை விருப்புரிமை' என்றும், எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே வங்கியோடு நேரடியாக முடிக்கும் ஓவர் த கவுண்டர் வகைக்கு 'முகப்பு விருப்புரிமை' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

துரைராஜ்:

முகப்பு என்றதும் மருந்துக்கடைதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவதை அப்படித்தானே சொல்கிறோம்? இங்கேயும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் தொலைபேசியில் பேசி முடிப்பதால் 'சீட்டில்லா விருப்புரிமை' என்றால் என்ன?

செல்வநாயகம்:

துரைராஜ் ஐயா, நிலைமை நேர் தலைகீழ். எழுத்து வேலை அதிகம் இருப்பது இங்கேதான். விலையைத் தொலைபேசியில் பேசி முடிப்பது உண்டு. ஆனால் அதற்கு முன்பே வங்கியும் வாடிக்கையாளரும் இஸ்டா முதன்மை ஒப்பந்தம் என்ற பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். யார் எப்போது ஈடு வைக்க வேண்டும் என்பதற்குத் தனி இணைப்பு இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வணிகத்துக்கும் ஓர் உறுதிப்பத்திரம் வரும். எக்ஸ்சேஞ்சிலோ ஒப்பந்தத்தை எக்ஸ்சேஞ்சே எழுதி வைத்துவிட்டது. எந்த மாதம், எந்த விலை, எத்தனை எண்ணிக்கை என்று தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடிந்தது.

'பங்குச்சந்தை' என்பதும் வேண்டாம். கச்சா எண்ணெய், தங்கம், நாணயம் எல்லாவற்றுக்கும் விருப்புரிமை இருக்கிறது. 'பரிமாற்றகம்' போதும்.

கவிதா:

எனக்குத் 'தனித்தைப்பு விருப்புரிமை' பிடிக்கிறது. வேண்டிய அளவு, வேண்டிய தேதி என்று நமக்காகவே வெட்டித் தைப்பதுதானே அதன் சிறப்பு? ஒருவர் பொறுப்பை மற்றவர் நம்பியிருப்பதால் மற்றவர் சொன்னபடி பணம் தராமல் போகும் எதிர்த்தரப்பு இடர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சமம் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கலாம்.

செல்வநாயகம்:

முதல் பாதி சரி, கவிதா. இரண்டாம் பாதியை மாற்ற வேண்டும். ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஒரு விமான நிறுவனம் அடுத்த ஒரு மாதத்தில் 1,00,000 பீப்பாய் விமான எரிபொருள் வாங்கப்போகிறது. எரிபொருள் தருபவருக்கு அந்த மாதத்தின் சராசரி விலையைக் கொடுக்க வேண்டும். நியூயார்க் பரிமாற்றகத்தின் கச்சா எண்ணெய் விருப்புரிமை ஒன்று 1,000 பீப்பாய்க்கானது, அதில் நூறு வாங்கலாம். ஆனால் அது கச்சா எண்ணெய், இவர்கள் வாங்குவது சுத்திகரித்த பொருள். சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோனால் விமான எரிபொருள் விலை மட்டும் தனியே ஏறும், கச்சா ஏறாது. அப்போது வாங்கிய பாதுகாப்பு பாதிதான் வேலை செய்யும். அதனால் வங்கியிடம் போய் விமான எரிபொருளின் மாதச் சராசரி 90 டாலரைத் தாண்டினால் வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். பீப்பாய்க்கு 4 டாலர் என்று 4 லட்சம் டாலர் பிரீமியத்தை முன்கூட்டியே கட்டியாயிற்று.

இனி வங்கி அவர்களை நம்ப வேண்டிய தேவை கிடையாது, பணம் கைக்கு வந்துவிட்டது. வங்கியை நம்பியிருப்பது வாங்கியவர்தான். சராசரி 110 டாலருக்கு ஏறினால் அவர்களுக்கு வர வேண்டியது 20 லட்சம் டாலர். அந்த நேரத்தில் வங்கி திவாலானால், ஈடு எதுவும் வாங்கி வைக்கவில்லை என்றால், ஆபத்தில் இருப்பது கட்டிய 4 லட்சம் அல்ல, அந்த 20 லட்சம். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தபோது அதனிடம் ஈடின்றிப் பணம் வர வேண்டியிருந்தவர்கள் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

பரிமாற்றகத்தில் இந்த இடத்தில் தீர்வகம் வந்து நிற்கிறது. வணிகம் பொருந்தியதும் விற்றவருக்கு அதுவே வாங்குபவர், வாங்கியவருக்கு அதுவே விற்பவர். விற்றவரிடம் அது மார்ஜின் என்ற ஈட்டுப்பணம் பிடிக்கும், விலை எதிராகப் போகப் போக இன்னும் கேட்கும். முழுப் பிரீமியமும் கட்டி வாங்கியவரிடம் பொதுவாக மார்ஜின் கேட்பதில்லை. யார் யாருக்கு ஆபத்து தருகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிரபு:

நானும் செயலியில் விருப்புரிமை வாங்கியிருக்கிறேன். தீர்வகம் இருப்பதால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

செல்வநாயகம்:

முழுக்க அப்படி இல்லை, தம்பி. உங்களுக்கும் தீர்வகத்துக்கும் நடுவில் தரகர் இருக்கிறார். 2011 அக்டோபர் கடைசியில் எம்.எஃப். குளோபல் என்ற தரகு நிறுவனம் விழுந்தபோது தீர்வகங்கள் தாங்கின. ஆனால் வாடிக்கையாளர் கணக்குகளில் சுமார் 160 கோடி டாலர் குறைந்திருந்தது, பணம் திரும்பி வரக் காலம் பிடித்தது. உங்கள் பணத்தைத் தரகர் தன் பணத்தோடு கலக்காமல் தனிக்கணக்கில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சரி, இது சொல் விவாதத்துக்கு வெளியே போகிறது.

கவிதா:

விளங்கியது. அப்படியானால் 'தனித்தைப்பு' போதுமா, அல்லது 'இருதரப்பு விருப்புரிமை' என்றால் இடரும் உள்ளே வந்துவிடுமா?

மங்கையர்க்கரசி:

'இருதரப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது. தீர்வகம் இல்லை என்பதை நேராகச் சொல்கிறது.

செல்வநாயகம்:

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. சிகாகோ பரிமாற்றகத்தில் 1993 முதல் ஃப்ளெக்ஸ் என்ற வகை நடக்கிறது. தேதியையும் விலையையும் நீங்களே வைக்கலாம், ஆனாலும் தீர்வகம் உண்டு. அது தனித்தைப்புதான், ஆனால் ஓவர் த கவுண்டர் அல்ல. மறுபக்கம், லேமன் விழுந்தபோது அதன் சுமார் 9 லட்சம் கோடி டாலர் மதிப்பு வட்டி ஸ்வாப்புகள், அதாவது இரு தரப்பார் வட்டித் தொகைகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தங்கள், லண்டனில் ஒரு தீர்வகத்தின் கையில் இருந்தன. அவை விருப்புரிமைகள் அல்ல, ஆனாலும் பரிமாற்றகத்தில் வாங்கியவையும் அல்ல. ஆக, தீர்வகம் வேறு, வணிகம் நடந்த இடம் வேறு.

விலை எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்துப் பெயரிடலாம் என்பது என் எண்ணம். பரிமாற்றகத்தில் வாங்க எவ்வளவு, விற்க எவ்வளவு, எத்தனை ஒப்பந்தம் திறந்திருக்கிறது என்று எவரும் திரையில் பார்க்கலாம். அந்த விமான நிறுவனம் கட்டிய 4 டாலரில் எவ்வளவு நியாய விலை, எவ்வளவு வங்கியின் லாபம்? பத்திரத்தில் அது இருக்காது. ஒரே நிபந்தனைகளை மூன்று வங்கிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டால்தான் ஏதாவது தெரியும். அதிலும் கசப்பானது நடுவில் வெளியேற நினைக்கும்போதுதான். பரிமாற்றகத்தில் யாரிடமும் விற்றுவிடலாம். இங்கே கிட்டத்தட்ட எப்போதும் விற்ற வங்கியிடமே திரும்பப் போக வேண்டும். நீங்கள் வேறு எங்கும் போக முடியாது என்று அதற்குத் தெரியும், விலையையும் அதற்கேற்பத்தான் சொல்லும்.

எனவே 'பரிமாற்றக விருப்புரிமை', 'நேர்பேச்சு விருப்புரிமை' என்று முன்மொழிகிறேன்.

துரைராஜ்:

இப்போது பல வங்கிகளிடம் ஒரே சொடுக்கில் கணினியே விலை கேட்டுக்கொள்கிறதாமே? பேச்சு எங்கே இருக்கிறது? 2009 ஜி-20 மாநாட்டுக்குப் பிறகு இவற்றையெல்லாம் வணிக விவரங்களைச் சேர்த்து வைக்கும் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றார்களே, அப்படியானால் மறைவும் இல்லைதானே?

செல்வநாயகம்:

பதிவகத்துக்குப் போகிறது, உண்மைதான். முழு விவரம் தெரிவது கட்டுப்பாட்டாளருக்கு. வாங்குபவர் திரையில் அது விலைப்பட்டியலாக வந்துவிடுவதில்லை. கணினி கேட்பதைப் பற்றிச் சொன்னது நியாயம். 'பேச்சு' என்பதை 'பேரம்' என்று மாற்றலாமா? கணினி வழியாகவும் பேரம் பேரம்தான்.

கவிதா:

'நேர்பேரம்' என்றால் பள்ளிப் பிள்ளைகள் காய்கறி வாங்குவதாக நினைப்பார்கள். நான் இன்னும் 'இருதரப்பு' பக்கம்தான்.

மங்கையர்க்கரசி:

'பரிமாற்றக விருப்புரிமை' முடிந்தது, அதைத் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன். மற்றதற்கு 'நேர்பேச்சு', 'நேர்பேர', 'இருதரப்பு' மூன்றையும் வைத்து அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடத்தலாம். செல்வநாயகம் ஐயா, அந்த விமான எரிபொருள் உதாரணத்தைச் சுருக்கித் தொகுப்பின் விளக்கப் பகுதிக்கு எழுதித் தர முடியுமா?