`leeway` என்னும் அமைப்புக்குத் தமிழ்ச்சொல்: டோக்கன் காலாவதியும் கடிகார வேறுபாடும்

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உள்நுழைவுச் சேவை ஒன்றின் நிர்வாகத் திரையைத் தமிழாக்கி வருகிறேன். அதில் `leeway` என்ற பெட்டியில் நிர்வாகி நொடிக்கணக்கில் ஓர் எண்ணை இட வேண்டும். காலாவதியான டோக்கனும் அந்த நொடிகள் வரை ஏற்கப்படுகிறது என்பதால், காப்பீட்டுத் தவணைக்கு வழங்கும் ‘கருணைக்காலம்’ என்ற சொல்லையே இட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

மு. எழுதியது:

உண்டு. கருணைக்காலம் கெடுவுக்குப் பின்னர் மட்டுமே வருவது. இந்த அமைப்போ டோக்கனின் இரு முனைகளிலும் செயல்படுகிறது. வழங்கும் சேவையகம் தன் கடிகாரப்படி 10:00:00 மணிக்கு, 15 நிமிட ஆயுளுடன் ஒரு டோக்கனைத் தருகிறது என்று கொள்வோம். அதில் வழங்கிய நேரமான `iat` 10:00:00, காலாவதி நேரமான `exp` 10:15:00. அதைச் சரிபார்க்கும் சேவையகத்தின் கடிகாரம் 40 நொடி பின்தங்கியிருந்தால், டோக்கன் அங்கே போய்ச் சேரும்போது மணி 09:59:20தான். ஆகவே அது எதிர்காலத்தில் பிறந்த டோக்கனாகத் தெரிகிறது. பைத்தானின் `PyJWT` நூலகம் `The token is not yet valid (iat)` என்று கூறி மறுத்துவிடும். அதே டோக்கன் 40 நொடி கழித்துத் தானாகவே செல்லுபடியாகும். உள்நுழைந்தவுடன் பிழை வந்து, சற்றுப் பொறுத்து முயன்றால் சரியாகிறது என்று பயனர்கள் சொன்னால், முதலில் ஐயுற வேண்டியது கடிகாரத்தைத்தான். அதே கடிகாரம் 40 நொடி முந்தியிருந்தால், டோக்கன் 10:14:20க்கே இறந்துவிடும். இதை எவரும் எளிதில் கவனிப்பதில்லை. `leeway`ஐ 60 நொடியாக வைத்தால் இரண்டும் தீரும்.

```
jwt.decode(token, key, algorithms=["RS256"], leeway=60)
```

என் பரிந்துரை இரு சொற்கள். இரு கடிகாரங்களுக்கு இடையே உண்மையில் உள்ள வேறுபாடு ‘கடிகார விலகல்’. அதில் எவ்வளவைப் பொறுத்துக்கொள்வது என்று நாம் இடும் எண் ‘விலகல் பொறுதி’. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் நூலகத்தில் இந்த எண்ணுக்கே `ClockSkew` என்று பெயரிட்டிருப்பதால் ஆங்கிலத்திலேயே இவ்விரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. நாமாவது பிரித்து வைப்போம்.

செ. எழுதியது:

எல்லாச் சேவையகங்களிலும் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபி இயங்கினால் விலகல் சில மில்லிநொடிகளுக்குள் அடங்கிவிடும், பொறுதி எதற்கு? பெட்டியில் சுழியம் இட்டுவிட்டால் சொல்லே தேவைப்படாது.

ந. எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய கைப்பேசியில் தேதி ஒரு நாள் முந்தியிருந்தது. செயலி அவரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருந்தது. இதையும் 60 நொடிப் பொறுதி தீர்த்துவிடுமா? எனக்கு ‘கடிகாரச் சலுகை’ என்பதே எளிதாகப் படுகிறது.

மு. எழுதியது:

செ. அவர்களுக்கு: பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உறங்கவைத்து எழுப்பிய மெய்நிகர் கணினி, என்டிபி மீண்டும் திருத்தும் வரை பழைய நேரத்திலேயே இருக்கக்கூடும். யூடிபி 123 தடுக்கப்பட்ட வலையமைப்பில் என்டிபி ஓசையின்றி நின்றுபோயிருக்கும். மேலும் `iat` முழு நொடியில் எழுதப்படும்போது அதை மேல்நோக்கி முழுமையாக்கும் நிரல் ஒன்று போதும், சுழியப் பொறுதியில் புதிய டோக்கன் மறுக்கப்பட. எதிர்முனையின் நேரத்தை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

```
date -u; curl -sI https://example.com | grep -i '^date'
```

ந. அவர்களுக்கு: அது வேறு சிக்கல். சேவையகம் டோக்கனைச் சரிபார்க்கும்போது கைப்பேசியின் கடிகாரம் கணக்கிலேயே வராது. உங்கள் செயலி தானாகவே `exp`ஐப் படித்து, தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு முடிவெடுத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். டோக்கனோடு வரும் `expires_in` என்பது கால அளவு, மணி அன்று. பெற்ற கணத்திலிருந்து, தேதியை மாற்றினாலும் மாறாத உள் எண்ணியைக் கொண்டு அதை அளந்தால் இத்தொல்லை வராது. ஒரு நாள் பிழையை மறைக்கும் அளவுக்கு எந்தப் பொறுதியையும் கூட்டக் கூடாது. பொறுதி நேராக டோக்கனின் ஆயுளோடு கூடுகிறது: டாட்நெட்டின் இயல்பு மதிப்பு 5 நிமிடம் என்பதால், அங்கே 1 நிமிட டோக்கன் 6 நிமிடம் வாழும், திருடியவனுக்கும் அதே 6 நிமிடம். இவ்வகை டோக்கனுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 7519 சில நிமிடங்களுக்கு மிகாத பொறுதியை ஏற்கிறது. என்டிபி ஒழுங்காக இயங்கும் இடத்தில் நான் 30 நொடிக்கு மேல் தருவதில்லை.

க. எழுதியது:

இருவருக்கும் நன்றி. கருணைக்காலத்தை நீக்கிவிட்டேன். ‘சலுகை’ என்றால் யாரோ கேட்டுப் பெறுவது போலத் தொனிப்பதால் அதையும் எடுக்கவில்லை. இப்போதைக்குப் பெட்டியின் மேல் ‘விலகல் பொறுதி (நொடிகள்)’ என்றும், அதன் கீழ் ‘தொடக்கம், காலாவதி இரண்டுக்கும் பொருந்தும்’ என்றும் இட்டிருக்கிறேன்.

செ. எழுதியது:

பிரிவினை சரி. ஆனால் ‘பொறுதி’யைப் பார்க்கும் நிர்வாகிக்கு எண்ணின் நோக்கம் விளங்குமா என்பது ஐயமே, ‘ஏற்கும் விலகல்’ என்பதையும் பட்டியலில் வைத்திருங்கள்.