குலுக்கிப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு ஆழம்?

பெருந்துறைத் தம்பி: குறியீட்டு ஃபியூச்சரில் 2022 முதல் 200 வர்த்தகங்கள் செய்திருக்கிறேன். இலக்கு 6,000, ஸ்டாப்லாஸ் 4,000. 90 லாபம், 110 நட்டம். நிகரம் 1 லட்சம். போட்ட மூலதனம் 2 லட்சம். உச்சத்திலிருந்து அதிகபட்சம் இறங்கியது 38,000. இதைவிட ஆழமாக இறங்குமா?

ஈரோட்டு மஞ்சள் மண்டி: வர்த்தகங்களின் வரிசையைக் குலுக்கிப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை அதே 1 லட்சம்தானே?

நொய்யல்கரை: கூட்டுத்தொகை மாறாது அண்ணா, போகிற வழி மாறும். 110 நட்டங்களில் பதினைந்து அடுத்தடுத்து விழுந்தால் 60,000 போய்விடும். எக்செலில் பக்கத்துப் பத்தியில் `=RAND()` இட்டு வரிசைப்படுத்தினால் ஒரு குலுக்கல். தம்பியின் கணக்கை நிரல் எழுதிப் பத்தாயிரம் முறை குலுக்கினேன். பாதி முறை சரிவு 44,000ஐத் தாண்டியது. நூறில் ஐந்து முறை 68,000ஐ. ஆக 38,000 கொஞ்சம் அதிர்ஷ்டமான வரிசை.

பொள்ளாச்சிக்காரன்: இதில் நான் பட்டிருக்கிறேன். பழைய தரவில் 30,000தான் ஆழம் என்று நம்பி, 45,000 போனதும் முறையே கெட்டுவிட்டது என்று நிறுத்தினேன். அடுத்த மூன்று மாதத்தில் அது மீண்டுவிட்டது, நான் இல்லாமலே.

காங்கேயம் காளை: சந்தை சீட்டுக்கட்டு அல்ல. பக்கவாட்டில் நகரும் மாதத்தில் நட்டங்கள் கூட்டமாகத்தான் வரும். குலுக்கினால் அந்தக் கூட்டமே கலைந்துவிடும். எனவே இது வீண் வேலை.

நொய்யல்கரை: முதல் பாதி சரி, முடிவு தவறு. கூட்டம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாமே. ஒரு நட்டத்துக்கு அடுத்ததும் நட்டம் என்பது, தொடர்பே இல்லையென்றால் 60 முறை வர வேண்டும். தம்பியின் பட்டியலில் 70 முறை வந்திருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகக் கலைக்காமல், பத்துப் பத்து வர்த்தகங்களாகக் கட்டி, கட்டுகளை மட்டும் குலுக்கினேன். அந்த ஐந்து சதவீத எல்லை 82,000க்குப் போனது. மூலதனத்தில் 41 சதவீதம். தம்பி, தூக்கம் வருமா?

பெருந்துறைத் தம்பி: வராது அண்ணா. மூலதனத்தைக் கூட்டாமல் தொடர முடியாது போலிருக்கிறது.

காங்கேயம் காளை: ஏன் பத்து? இருபதாகக் கட்டினால் எண் மாறுமே.

நொய்யல்கரை: மாறும். இருபதில் பத்துக் கட்டுகள்தான் மிஞ்சும், குலுக்க என்ன இருக்கிறது? இதற்கு என்னிடம் திடமான விடை இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல், பட்டியலில் இல்லாத நட்டம் எந்தக் குலுக்கலிலும் வராது என்பது. 2020 மார்ச் 23, திங்கட்கிழமை அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை வாங்கி வைத்திருந்தவருக்கு 4,000 என்ற ஸ்டாப்லாஸ் அந்த விலையில் கிடைத்திருக்காது. தம்பி இரவு தாண்டி வைத்திருக்கிறாரா?

பெருந்துறைத் தம்பி: வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.