மாநகராட்சி லைசன்ஸும் கவுன்சில் லைசன்ஸும்

கொருக்குப்பேட்டை மளிகை:
என் தம்பி மேகாலயாவில், ஷில்லாங் நகருக்கு வெளியே மளிகைக் கடை வைக்கப் போயிருக்கிறான். காசி மலை தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலில் லைசன்ஸ் வாங்க வேண்டுமாம். நான் சென்னை மாநகராட்சியில் எடுக்கிற தொழில் உரிமம் மாதிரிதானே இது?

அண்ணாநகர்வாசி:
அதேதான், கவலைப்பட வேண்டாம். பஞ்சாயத்து, மாநகராட்சி, மலைக் கவுன்சில் எல்லாமே அரசியல் சட்டத்தில் இருக்கிற உள்ளாட்சிகள்தான். பணத்தைக் கட்டினால் ரசீது தருவார்கள். தன்னாட்சி என்பது வெறும் பெயர்.

மலைச்சாரல்:
அரசியல் சட்டத்தில் இருக்கின்றன என்பது வரை சரி. நான் ஷில்லாங்கில் சில வருடம் வேலை பார்த்தவன், அதற்கு மேல் சொன்னதை ஏற்க முடியாது. மாநகராட்சிக்கு என்ன அதிகாரம் என்பதைத் தமிழ்நாடு சட்டமன்றம் முடிவு செய்கிறது. கொடுக்கலாம், குறைக்கவும் செய்யலாம். மாவட்டக் கவுன்சிலுக்கோ அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. நிலம், காப்புக்காடு அல்லாத காடு, வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் அது தானே சட்டம் இயற்றுகிறது. பழங்குடியினருக்குள் வரும் வழக்குகளை விசாரிக்கத் தன் நீதிமன்றமே வைத்திருக்கிறது. நம் மேயர் கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானம் போட முடியுமா?

லைசன்ஸ் விஷயமும் அப்படித்தான். சென்னையில் உரிமம் கேட்டால் என்ன தொழில், எந்த இடம் என்று பார்ப்பார்கள். அங்கே முதல் கேள்வியே நீங்கள் அந்த மாவட்டத்துப் பழங்குடியா என்பதுதான். வெளியாள் லைசன்ஸ் இல்லாமல் கடை நடத்தக் கூடாது என்று விதி செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கு அந்த அட்டவணையின் 10வது பத்தியில் இருக்கிறது. அந்த விதி 1954 முதலே இருக்கிறது.

வியாசர்பாடி வக்கீல்:
இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிறப்பைப் பார்த்துக் கடைக்கு அனுமதி தருவது சரியா? நாளைக்கு சென்னையில் வெளியூர்க்காரர் டீக்கடை வைக்கத் தனி லைசன்ஸ் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

மலைச்சாரல்:
சென்னைக்காரரைக் கடனில் மூழ்கடித்து நிலத்தை எழுதி வாங்கும் வட்டிக்காரர் பிரச்சினை இங்கே ஒரு மாவட்டம் முழுக்க இருந்ததா? 10வது பத்தி வட்டித் தொழிலையும் வியாபாரத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துவது அதனால்தான்.

கவுன்சில் நினைத்தபடி செய்துவிடவும் முடியாது. இந்த விதிக்கு மொத்த உறுப்பினரில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். 30 பேர் சபை என்றால் 23 கை உயர வேண்டும். அதன்பிறகும் ஆளுநர் ஒப்புதல் தராத வரை அது செல்லாது. விதி வருவதற்கு முன்பே கடை வைத்திருந்தவருக்கு லைசன்ஸ் மறுக்கவும் கூடாது.

தம்பிக்கு முக்கியமான ஒன்று: ஷில்லாங் நகராட்சி எல்லைக்குள் இந்த லைசன்ஸ் அதிகாரம் செல்லாது, எல்லையைத் தாண்டினால் செல்லும். ஒரே சாலையில் இந்தக் கடைக்கு வேண்டாம், அடுத்த கடைக்கு வேண்டும் என்ற நிலை வரலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடை எந்தப் பக்கம் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

ஜவ்வாது மலையான்:
நான் வேலைக்காக சென்னையில் இருக்கிறேன், ஊர் ஜவ்வாது மலை. எங்களுக்கும் இந்தக் கவுன்சில் எப்போது வரும்? ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுக்கலாமா?

மலைச்சாரல்:
ஒன்றியத்தில் கொடுத்துப் பயனில்லை, நண்பரே. ஆறாவது அட்டவணை அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்குக்கு மட்டும். வேறு மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்றும் தமிழ்நாட்டில் எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. அதைக் கேட்டுப் போராடுவது நியாயம்தான், ஆனால் அது குடியரசுத் தலைவர் ஆணை வழியாக வர வேண்டியது.

வியாசர்பாடி வக்கீல்:
சரி, முக்கால் பங்கு விதி எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேகாலயாவில் மாநிலச் சட்டமும் கவுன்சில் சட்டமும் மோதினால் மாநிலச் சட்டமே வெல்லும் என்று ஆறாவது அட்டவணையின் 12ஏ பத்தி சொல்கிறதே? அப்படியானால் தன்னாட்சி எங்கே?

மலைச்சாரல்:
அது உண்மையான குறைதான். அசாமில், கவுன்சில் சட்டம் இயற்றக்கூடிய அந்த விஷயங்களில் மாநிலம் போடும் சட்டம், கவுன்சில் சம்மதித்து அறிவித்தால்தான் அங்கே செல்லும். மேகாலயாவில் அந்தக் கவசம் இல்லை. மாநிலமே பழங்குடியினருடையது என்பதால் போதும் என்கிறார்கள், எனக்கு அது போதவில்லை.

அண்ணாநகர்வாசி:
மாநகராட்சியை அவ்வளவு தாழ்த்த வேண்டாம். அதன் ஐந்தாண்டுக் காலத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

வியாசர்பாடி வக்கீல்:
2016 அக்டோபரிலிருந்து 2022 வரை எங்கள் வார்டில் கவுன்சிலரே இல்லை ஐயா. சாக்கடை அடைத்தால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்தோம். அந்தப் பாதுகாப்பு அப்போது எங்கே போனது?

கொருக்குப்பேட்டை மளிகை:
தம்பியிடம் பேசினேன். கடை நகராட்சி எல்லைக்கு உள்ளே என்கிறார் கட்டிட உரிமையாளர், வெளியே என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். நாளைக்கு நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் பார்க்கப் போகிறான்.