ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 60 பீஸ் வரை குறை இருக்கலாம் அல்லவா? எட்டுக்கே ஃபெயில் ஏன்?

லைன்_சூப்பர்வைசர் (திருப்பூர்): பையரின் இன்ஸ்பெக்டர் எங்கள் ஆர்டரை ஃபெயில் செய்துவிட்டார். ரிப்போர்ட் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், மேஜர் 2.5, கண்டது 8 என்பது மட்டுமே எனக்குப் புரிகிறது. இரண்டரை சதவீதக் கணக்கில் 60 பீஸ் வரை அனுமதி உண்டே? அவசரம், யாராவது விளக்குங்கள்.

செக்கிங்_மேசை: ஆர்டர் எத்தனை பீஸ், அவர் பிரித்துப் பார்த்தது எத்தனை, எந்த லெவல் என்று சொல்லாமல் எப்படி விளக்குவது?

பனியன்காரர்: எங்களுக்கும் நெஞ்சளவு கூடியதால்தான் ஃபெயில் ஆனது. அளவுப் பட்டியலை முதலில் பாருங்கள்.

லைன்_சூப்பர்வைசர்: அளவில் பிரச்சினை இல்லை. 2,400 டி-ஷர்ட், 125 பார்த்தார், ஜெனரல் லெவல் இரண்டு. மைனர் 6, கிரிட்டிகல் இல்லை.

பழைய_க்யூசி: அட்டவணையைப் பார்க்கத் தெரியாமல் லைனில் நிற்பவர்களை என்ன சொல்வது! 125-க்கு 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில், அவ்வளவுதான்.

செக்கிங்_மேசை: 125-இல் இரண்டரை சதவீதம் மூன்று பீஸ்தான் வரும். ஆகவே ஏழு என்பதே இன்ஸ்பெக்டர் காட்டிய சலுகை.

தர_மேலாளர்: அது சலுகை அல்ல. உங்கள் லாட்டில் உண்மையிலேயே இரண்டரை சதவீதம் குறை இருந்தால், எடுக்கும் 125-இல் சராசரியாக மூன்று வரும். ஆனால் எந்த அட்டைப்பெட்டி கைக்குச் சிக்கியது என்பதைப் பொறுத்து சில நேரம் ஐந்து, ஆறு கூட வரலாம் என்பதால், நல்ல லாட் தற்செயலாக மாட்டிக்கொள்ளாதபடி கோட்டை ஏழில் போட்டிருக்கிறார்கள். எட்டு என்பது நூற்றுக்கு ஆறுக்கும் மேல். 60 பீஸ் என்ற கணக்கு எங்குமே கிடையாது, ஏனெனில் மீதியை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. மைனருக்கு வழக்கமாக 4.0 என்பதால் பத்து வரை விடுவார்கள். அதில் நீங்கள் தப்பிவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன்: அந்த எட்டும் எட்டு வெவ்வேறு பீஸ்களா?

லைன்_சூப்பர்வைசர்: ஒரே பீஸில் கழுத்து ரிப்பில் தையல் விட்டதும், முன்பக்கம் எண்ணெய்க் கறையும் இருந்தன. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்.

பழைய_க்யூசி: குறை இரண்டு என்றால் இரண்டுதான்.

தர_மேலாளர்: பல பையர்கள் பீஸை எண்ணுவார்கள், ஒரு பீஸில் பல குறை இருந்தாலும், மிகப் பெரிய குறையை மட்டும் வைத்து ஒரு முறைதான் கணக்கில் கொள்வார்கள். அப்படியானால் உங்களுடையது ஏழு, லாட் பாஸ். குறைகளை எண்ணும் முறையும் உண்டு என்பதால், அந்தப் பையரின் தரக் கையேட்டில் உள்ளதே செல்லும்.

பழைய_க்யூசி: இப்படி வாதாடினால் அடுத்த ஆர்டர் வராது. முழு லாட்டையும் செக் செய்து, ஆல்ட்டர் பார்த்து, மறு ஆய்வு கேட்கட்டும்.

செக்கிங்_மேசை: மறு ஆய்வுச் செலவு யாருடையது? நம் தலையில்தானே விழும்?

லைன்_சூப்பர்வைசர்: மெர்ச்சண்டைசர் கையேட்டைக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார், பதில் வரவில்லை. அதுவரை பெட்டிகளைப் பிரித்துக் கறையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.