கூலோம் தடையா, கூலோம் மேடா? டனலிங்குக்கு என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். விண்மீன்களில் நிகழும் அணுக்கரு இணைவைப் பற்றிய ஒரு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘கூலோம் பேரியர்’ என்பதைக் ‘கூலோம் தடை’ என்றும், ‘குவாண்டம் டனலிங்’ என்பதைக் ‘குவாண்டம் சுரங்கமாதல்’ என்றும் எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, தடை என்றால் மின்தடையா என்று கேட்டாள். சுரங்கத்தை யார் வெட்டினார்கள் என்றும் கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் நல்ல விடை இல்லை. உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

முதலில் வந்த மறுமொழி:

கூலோம் என்பதைக் ‘கூலும்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மின்னூட்டத்தின் அலகுக்கு ஒரே எழுத்துமுறையை நாம் உறுதிசெய்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்:

நன்றி ஐயா. நான் கேட்டது அலகைப் பற்றியன்று. நேர்மின்னூட்டம் கொண்ட இரண்டு அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால் இடையில் எழும் தடுப்பைப் பற்றியது.

அணுக்கரு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்:

சொல்லைத் தேடுவதற்கு முன், சூரியனின் நடுவில் இரண்டு புரோட்டான்கள் நெருங்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். அங்கே வெப்பநிலை சுமார் 1.5 கோடி கெல்வின். கேட்பதற்குப் பெரிய எண்தான், ஆனால் ஒரு துகளுக்கு அதனால் கிடைக்கும் ஆற்றல் 1.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியதே. இரண்டு புரோட்டான்கள் ஒரு ஃபெம்டோமீட்டர் தொலைவுக்கு வரவேண்டுமானால் விலக்கு விசையை எதிர்த்து ஏறவேண்டிய உயரமோ சுமார் 1,400 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைகிறது. கூட்டத்தில் சில துகள்கள் மற்றவற்றைவிட விரைவாக ஓடும் என்பது உண்மையே. ஆனால் அவ்வளவு உயரம் ஏறக்கூடிய துகளின் பங்கைக் கணக்கிட்டால், ஒன்றுக்குப் பின் நானூறு சுழிகளுக்கு மேல் இட்ட எண்ணில் ஒரு பங்குதான் வரும். சூரியனில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையோ ஒன்றுக்குப் பின் 57 சுழிகள் அளவுதான். ஆகவே மேலேறிக் கடக்கும் புரோட்டான் அங்கே ஒன்றுகூட இல்லை.

இனி, 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நெருங்கும் ஓர் இணையைப் பாருங்கள். அது சுவரில் மோதுவதில்லை. நெடுந்தொலைவிலிருந்தே சரிவில் ஏறத் தொடங்கி, வேகம் குறைந்து குறைந்து, 240 ஃபெம்டோமீட்டர் இடைவெளியில் முழுவதும் ஓய்ந்து திரும்பிவிட வேண்டும். அணுக்கரு விசையின் பிடியோ ஓரிரு ஃபெம்டோமீட்டர் வரைதான் நீள்கிறது. இடைப்பட்ட தொலைவில் அந்த இணைக்கு இருக்க உரிமையே இல்லை என்று பழைய இயற்பியல் சொல்லும். ஆனால் புரோட்டானின் அலை அங்கே நொடியில் அறுந்துபோகாமல், தேய்ந்துகொண்டே சென்று, மறுபுறத்தில் சிறிதளவு எஞ்சுகிறது. இந்த இணை மறுபுறம் சேர்வதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது.

இதனால்தான் ‘தடை’ எனக்கு உடன்பாடில்லை. ‘அரண்’ என்றாலும் செங்குத்தான மதில்தான் நினைவுக்கு வரும். சரிவும் உயரமும் அகலமும் ஒருசேரத் தோன்றுவது ‘மேடு’ என்ற சொல்லில்தான். மேட்டுக்கு அப்பால் அணுக்கரு விசை தோண்டிவைத்திருக்கும் இடம் ‘பள்ளம்’. மேடு பள்ளம் என்ற இணை நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு நண்பர்:

‘மேடு’ நன்று. ஆனால் டனலிங்குக்கான சொல்லில் அதன் அருமையும் தெரியவேண்டும், ‘அரிதூடுகை’ எனலாமே? சூரியன் இத்தனை கோடி ஆண்டுகள் மெல்ல எரிவதற்கே இந்த அருமைதானே காரணம்? மேலும், ஆய்வுக்கூடத்தில் 15 கோடி பாகைக்குச் சூடேற்றுவது மேட்டின்மேல் ஏறித் தாண்டுவதற்காக. ஆகவே இச்சொல் விண்மீன்களுக்கு மட்டுமே தேவைப்படும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பாதி சரி. சூரியனின் நிதானத்தில் மேட்டுக்கும் பங்குண்டு, ஆனால் பெரும்பங்கு வேறொன்றுக்கு. புரோட்டான்கள் மேட்டைக் கடந்து சேர்ந்தாலும், இரண்டு புரோட்டான்கள் மட்டும் சேர்ந்த அணுக்கரு நிலைப்பதில்லை. அவை நெருங்கியிருக்கும் அந்த மிகச் சிறு பொழுதுக்குள் அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாறவேண்டும். அதைச் செய்வது மென்விசை. அது மிக மிக அரிதாகவே கைகொடுக்கும். இல்லாவிட்டால் இரண்டும் வந்த வழியே பிரிந்துவிடும். ஒரு புரோட்டான் சராசரியாக ஆயிரம் கோடி ஆண்டு என்ற அளவில் காத்திருப்பது இதனால்தான். அந்தப் பழியைக் கலைச்சொல்லின் தலையில் ஏற்றவேண்டாம்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னது அறவே சரியன்று. டோக்காமாக் என்னும் இணைவு உலையில் டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஏறவேண்டிய மேடு சுமார் 400 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். 15 கோடி பாகை வெப்பம் ஒரு துகளுக்குத் தருவது 13 மட்டுமே. இணைவுகளில் பெரும்பாலானவை 35, 40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய விரைவான இணைகளால் நிகழ்கின்றன. அவையும் 40 ஃபெம்டோமீட்டர் அருகே ஓய்ந்து நிற்பவைதாம். அங்கும் உச்சியை யாரும் தொடுவதில்லை. சூடேற்றுவதால் கிடைப்பது, கடக்கவேண்டிய அகலம் குறைவது. சூரியனுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம்: 1.35 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் மட்டும் உள்ள இணை ஆயிரம் ஃபெம்டோமீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிடும், அதன் வாய்ப்பு இருபது கோடியில் ஒன்று. ஆற்றல் நான்கைந்து மடங்கு கூடினால் வாய்ப்பு இருபதாயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் அத்தகைய துகள்கள் எண்ணிக்கையில் குறைவு. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம்தான் நான் முன்பு சொன்ன 6.

பலதொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்தவர்:

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ‘சுரங்க டையோடு’ என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். ஒருமுறை ஒரு மாணவன் பழுதான டையோடை உடைத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து, துளை எங்கே ஐயா என்று கேட்டான். அங்கேயும் அடுக்கு மிக மெல்லியதாக இருப்பதுதான் சூட்சுமம். ஆயினும் புழக்கத்தில் உள்ள சொல்லை மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. ‘தொலைபேசி’யிலும்தான் தொலைவு பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அந்த மாணவன் கேட்டது சரியான கேள்வி. சுரங்கம், குடைவு, துளைப்பு ஆகிய மூன்றும் வழி ஒன்றை வெட்டியதாகவும் அதற்கு ஆற்றல் செலவானதாகவும் எண்ணவைக்கும். கடந்த புரோட்டான் எந்த ஆற்றலையும் அதற்காக இழப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 1928இல் காமோவ் இதைக் கையாண்டது, யுரேனியம் போன்ற அணுக்கருவின் உள்ளிருந்து ஆல்பா துகள் வெளியேறுவதை விளக்க; அட்கின்சனும் ஹௌட்டர்மான்சும் 1929இல் அதையே திருப்பிப்போட்டு, விண்மீனில் வெளியிலிருந்து உள்ளே நுழைவதற்குப் பொருத்தினார்கள். ‘ஊடுருவல்’ உள்ளே போவதை மட்டும் சொல்லும், ‘கசிவு’ வெளியே வருவதை மட்டும் சொல்லும். இரு திசைக்கும் பொதுவாக ‘ஊடேகல்’ என்று முன்மொழிகிறேன்: ஊடு ஏகுதல். ‘புரோட்டான் மேட்டினை ஊடேகியது’ என்று வினையாகவும் வரும்.

மொழிபெயர்ப்பவர்:

‘கூலோம் மேடு’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பள்ளத்தோடு சேர்ந்து படத்திலும் அழகாக அமைகிறது. ‘ஊடேகல்’ பொருளில் பிழையற்றது, ஆனால் செய்யுள் வாடை அடிக்கிறது. மாணவர்கள் அதை ‘ஊடல்’ என்று சுருக்கிவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன். ஊடலுக்குப் பின் கூடல் என்பது இணைவுக்குப் பொருந்திவருவது வேறு! ‘ஊடுகடப்பு’ என்றால் எளிதாகப் புரியுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

‘கடப்பு’ என்றதும் மேலேறித் தாண்டுவதாகவும் கொள்ள இடமுண்டு. ‘ஊடு’ முன்னால் நிற்பதால் ஓரளவு தப்பிக்கலாம். எனக்கு ஏகல்தான் பிடித்திருக்கிறது, ஆனால் பிடிவாதமில்லை.

மின்னணுவியல் கற்பித்தவர்:

எதை முடிவு செய்தாலும் என் டையோடுக்கும் ஒரு பெயர் சொல்லிவிடுங்கள். ‘ஊடுகடப்பு டையோடு’ என்று எழுதிப் பார்த்தேன்; அந்தச் சிறு பொருளின் படத்துக்குக் கீழே பெயர் அடங்கவில்லை.